மங்கலாக்கிய முகமும் தாழ்த்திய குரலும் திரும்பி வந்த கதை: அடையாளம் மறைத்த ஒரு பேட்டியின் தொகுப்புக் குறிப்புகள்

தொகுப்புக்கு வந்தது 52 நிமிடப் பேட்டி. தான் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் ஒரு முறைகேட்டை ஒருவர் விவரிக்கிறார். முகம் தெரியக் கூடாது, குரல் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேச வந்தார். வெட்டி ஒட்டியபின் படத்தில் நின்றது 6 நிமிடம் 40 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் சரியாக 10,000 ஃபிரேம். இந்த எண்ணை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மறைப்பு 9,999 ஃபிரேமில் சரியாக இருந்து ஒன்றில் தவறினாலும், பார்ப்பவர் நிறுத்திப் பார்க்கப்போவது அந்த ஒன்றைத்தான்.

வேலையைத் தொடங்கும் முன் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அறிமுகமே இல்லாத பார்வையாளரிடமிருந்து மறைக்கச் சாதாரண பிளர் போதும். இங்கே ஆபத்து உடன் வேலை செய்பவர்களிடமிருந்து. அவர்கள் இவருடைய குரலைத் தினமும் கேட்கிறார்கள், நடையைப் பார்க்கிறார்கள், எந்த வாரம் யார் எந்த ஷிஃப்டில் இருந்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சந்தேகப் பட்டியலில் ஏற்கெனவே நாலைந்து பெயர்தான் இருக்கும். அந்த நாலைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மிகச் சிறிய குறிப்பு போதும். பின்னால் வரும் தோல்விகள் எல்லாம் இதைச் சரியாக எடைபோடாததால் வந்தவை.

முதல் முயற்சி: முகத்துக்கு பிளர்

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தோம். முகத்தைச் சுற்றி நீள்வட்ட மாஸ்க், முகம் நகரும்போது அதைப் பின்தொடர டிராக்கிங், உள்ளே 16 பிக்சல் கட்டங்களாக மொசைக். 1080 அளவுப் படத்தில் முகத்தின் அகலம் சுமார் 300 பிக்சல். அதாவது முகத்துக்குக் குறுக்கே கிட்டத்தட்ட 19 கட்டங்கள். பெரிய திரையில் பார்க்கும்போது ஒன்றும் புரியாத சதுரங்களாகத்தான் தெரிந்தது.

அதே படத்தைக் கைபேசியில் சின்னதாக ஓட்டினால் முகம் தெரிகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. மொசைக் நுண்ணிய விவரத்தை மட்டுமே அழிக்கிறது. கண் குழி எங்கே, மூக்கு எவ்வளவு அகலம், மீசை உண்டா, நெற்றி எவ்வளவு உயரம் என்ற பெரிய வடிவங்கள் கட்டங்களுக்குள் அப்படியே இருக்கின்றன. அருகில் பார்க்கும்போது கட்டங்களின் கூரான விளிம்புகள் கண்ணைத் திசைதிருப்புகின்றன. படத்தைச் சிறிதாக்கினாலோ, கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ விளிம்புகள் கரைந்து வடிவம் மேலே வந்துவிடுகிறது. அந்த முகத்தை ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது போதும்.

கட்டத்தை 60 பிக்சலாக்கினோம். முகத்துக்குக் குறுக்கே ஐந்தே கட்டங்கள். ஒற்றை ஃபிரேமில் இது நன்றாகவே தாங்கியது. ஆனால் இது வீடியோ. பேசும்போது தலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, கட்டங்கள் திரையில் அதே இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் முகத்தின் சற்றே வேறான பகுதிகள் சராசரியாகி ஒரு கட்டத்தில் விழுகின்றன. பல ஃபிரேம்களை முகத்தின் அசைவுக்கு ஏற்ப நகர்த்தி அடுக்கினால், ஒரு ஃபிரேமில் இல்லாத விவரம் கூட்டத்திலிருந்து கிடைக்கும். கட்டங்கள் இல்லாமல் மென்மையாகக் கலங்கவைக்கும் காஸியன் பிளரும் இதே ரகம்தான். தகவல் அங்கே பரவிக் கிடக்கிறது, காணாமல் போகவில்லை. முகத்தைச் சுழல்போல் முறுக்கி மறைத்திருந்த படங்களை நிபுணர்கள் பிரித்துவிட, 2007 அக்டோபரில் இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்டு ஆளைத் தேடியது. தேடப்பட்டவர் குற்றவாளி, இங்கே நாம் காப்பது சாட்சியை. கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

டிராக்கிங்கிலும் ஓட்டை. அவர் மூக்கைத் தேய்க்கக் கையை உயர்த்திய இடத்தில் டிராக்கர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போனது. மூன்று ஃபிரேம்களுக்கு நெற்றியும் இடக்கண்ணும் வெளியே. சாதாரண வேகத்தில் ஓட்டியபோது யாரும் கவனிக்கவில்லை. அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் போனபோதுதான் கிடைத்தது. இன்னொரு இடம் இதைவிட மோசம். இரண்டு ஷாட்டுக்கு நடுவே, ஒன்று கரைய மற்றொன்று எழும் 20 ஃபிரேம் டிஸால்வ் போட்டிருந்தோம். டிஸால்வ் வெட்டுப் புள்ளிக்கு அப்பால் உள்ள ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளும். மாஸ்க்கின் இடத்தைக் குறித்து வைக்கும் கீஃபிரேம்கள் வெட்டுப் புள்ளியோடு நின்றிருந்தன. விளைவாக, கரைந்துகொண்டே மறையும் முகம் பாதித் தெளிவில் பத்து ஃபிரேம் தெரிந்தது. அடையாளம் மறைக்கும் ஷாட்டுகளில் டிஸால்வ் போடவே கூடாது என்று அன்றைக்கே எழுதி ஒட்டினோம். நேர் வெட்டு மட்டும்.

இந்த பிளர் வேலைக்கு இரண்டு முழு நாள் போனது. ஒரு ஃபிரேம்கூடக் கடைசிப் படத்தில் இல்லை.

இரண்டாம் முயற்சி: நிழலுருவம்

பேட்டி ஜன்னலுக்கு முன்னால் எடுக்கப்பட்டிருந்ததால், வெளிச்சத்தை இறக்கி ஆளை நிழலாக்கலாம் என்று தோன்றியது. கறுப்பை இறக்கியதும் திரையில் அழகான கரிய உருவம் வந்தது. பார்க்கப் பிளரைவிடக் கண்ணியமாகவும் இருந்தது. பிறகு ஏற்றுமதி செய்த கோப்பிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து, ffmpeg என்ற கட்டளைவழி மென்பொருளால் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தோம்:

```
ffmpeg -ss 00:02:10 -i shadow.mp4 -frames:v 1 -vf "eq=gamma=4" test.png
```

கன்னம், மூக்கின் பக்கவாட்டு, மூக்குக்கண்ணாடியின் சட்டம் எல்லாம் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தன. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதும் எண்ணளவில் கறுப்பாக இருப்பதும் ஒன்றல்ல. வழக்கமான 8 பிட் வீடியோவில் கறுப்பு 16. நம்முடைய முகம் 20க்கும் 40க்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. திரை அதைக் காட்டவில்லை, ஆனால் கோப்பில் இருந்தது. இரைச்சல் புள்ளிகள் மறைக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. தலை அசையாத ஒரு விநாடியின் 25 ஃபிரேம்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். `eq`க்கு முன்னால் `tmix=frames=25,trim=start_frame=24,` என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

சரிசெய்ய, ஒரு வரம்புக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்க வேண்டும்:

```
ffmpeg -i graded.mov -vf "format=yuv420p,lutyuv=y='if(lt(val,60),16,val)':u=128:v=128" -an flat.mp4
```

60க்குக் கீழே இருந்த ஒளியளவு அனைத்தும் 16 ஆகிறது. அதற்குப் பின் காமாவை ஏற்றி எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் ஒரே தட்டையான கறுப்புதான் வரும். `u=128:v=128` என்ற பகுதியைச் சும்மா அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. முதலில் ஒளியளவை மட்டும் தட்டையாக்கிவிட்டு நிறத்தை மறந்துவிட்டோம். கறுப்புக்குள் தோலின் செம்மையும் சட்டையின் நீலமும் தனித்தனிப் பட்டையாக மிச்சமிருந்தன. நிறத்தை முழுதாக எடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் விளிம்புக்கோடு நிற்கிறது. காதின் வடிவம், பின்னந்தலை, கழுத்தைச் சாய்த்துப் பேசும் பழக்கம், ஒரு பதிலை முடிக்கும்போது இரண்டு முறை தலையாட்டுவது. உடன் வேலை செய்பவர்களை நினைத்தால் இதெல்லாம் கையெழுத்து மாதிரி. இதற்கு மேல் படத்தை எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் வேலை தொடங்கியது. கடைசியில் படத்துக்கான விடையும் குரலிலிருந்துதான் வந்தது.

குரல்: நான்கு அரைச் சுரம் இறக்கினால்

தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய அந்தக் கட்டைக் குரலைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. சுருதியை நான்கு அரைச் சுரம் இறக்க 0.7937 ஆல் பெருக்க வேண்டும். திரும்ப ஏற்ற 1.2599.

```
ffmpeg -i voice.wav -af "rubberband=pitch=0.7937" masked.wav
ffmpeg -i masked.wav -af "rubberband=pitch=1.2599" undone.wav
```

இரண்டாம் வரியில் கிடைத்த `undone.wav`ஐக் கேட்டதும் அறையில் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் தகர டப்பாவில் பேசியதுபோல் இருந்தது, மற்றபடி அவர் குரலேதான். அந்த எண் நமக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மனிதக் குரலை மறைக்கப் பெரும்பாலும் யாரும் இரண்டு முதல் ஆறு அரைச் சுரத்துக்கு வெளியே போவதில்லை. பேச்சைப் புரிந்துகொள்வது கடினமாகிவிடும். மேலும் கீழுமாகப் பத்துத் தடவை முயன்றால் எது இயல்பாக ஒலிக்கிறது என்று காதே சொல்லிவிடும்.

அந்தப் பத்துத் தடவையும் தேவையில்லை என்பது, ஒலியின் அலைவெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தபோது தெரிந்தது. பதிவில் மின்சாரத்தின் ரீங்காரம் மெல்லியதாக இருந்தது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ரீங்காரமும் அதன் மடங்குகளும் 50, 100, 150 என்று கோடு கோடாக நிற்கும். குரலோடு சேர்ந்து அதுவும் இறங்கி இப்போது 39.7, 79.4, 119 என்று நின்றது. 39.7ஐ 50 ஆல் வகுத்தால் 0.794. மறைப்பின் சாவியை மறைப்புக்குள்ளேயே எழுதி வைத்த மாதிரி. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்திலும் இதே கதைதான், எண் மட்டும் மாறும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினாலும் மேல் மடங்குகள் தப்பிவிடும்.

அடுத்து Praat. ஒலியியல் ஆய்வுக்கான இலவச மென்பொருள். அதில் ஒலியைத் தேர்ந்தெடுத்து Convert பட்டியலில் `Change gender...` என்று ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இங்கே பயன்படுவது அதன் இரண்டு அமைப்புகள். ஒன்று `Formant shift ratio`. தொண்டை, வாய்க் குழியின் வடிவத்தால் குரலுக்கு வரும் தனிச் சாயலை இது நகர்த்தும். இதை 1.12 வைத்தோம். இரண்டாவது `Pitch range factor`. இதைப் பூஜ்யமாக்கினால் பேச்சின் ஏற்ற இறக்கம் முழுவதும் அழிந்து, `New pitch median` இல் கொடுத்த ஒரே சுருதியில் குரல் நிற்கும். 150 கொடுத்தோம்.

இது வேறு வகை மறைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு சுருதியை நகர்த்தினோம், இப்போது எறிந்துவிட்டோம். எல்லாம் 150 ஆனபின் மூலத்தில் எது 110, எது 180 என்று எந்தக் கணக்காலும் திரும்ப எடுக்க முடியாது. ஃபார்மன்ட் நகர்வை மட்டும் தோராயமாகத் திருப்பலாம். கேட்க இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும், ஆனால் சொற்கள் புரியும்.

இது போதுமா என்று சோதிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவரைத் தெரிந்தவர்களிடம் போட்டுக் காட்டினால் சோதனையே காட்டிக்கொடுப்பு ஆகிவிடும். அதனால் தொகுப்பறையில் உள்ள ஒருவரை ஐந்து நிமிடம் சாதாரணமாகப் பேசவைத்துப் பதிவு செய்து, அதே எண்களைப் போட்டு, அவரோடு தினமும் பழகுகிறவர்களிடம் யார் என்று கேட்டோம். சுருதியை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் கண்டுபிடித்தார்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை வரும் "அதாவது", பதிலைத் தொடங்கும் முன் பல்லிடுக்கில் காற்றை இழுப்பது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவது. இவை எதுவும் சுருதியில் இல்லை. எந்தப் பெட்டியின் எந்தக் குமிழைத் திருகினாலும் போகாது.

இங்கேதான் முடிவு எடுக்கப்பட்டது. குரலை மாற்றப்போவதில்லை, எடுத்துவிடப்போகிறோம். பேச்சை எழுத்தாக்கி, வேறொருவர் வாசிக்க வேண்டும்.

எழுத்தாக்கியபோது தெரிந்தவை

ஒலியைக் கேட்டுக் கையால் தட்டச்சு செய்தோம், இணைய இணைப்பு இல்லாத கணினியில். எழுத்தாக்க மூலக் குரலை வெளிச் சேவை எதிலும் ஏற்றக் கூடாது. 52 நிமிடத்தில் தேவையான 11 நிமிடத்தை மட்டும் எழுத்தாக்க மூன்று மணி நேரம்.

குரலே இல்லாமல் வெறும் எழுத்தாகப் படித்தபோது, பேச்சே ஆளைக் காட்டிக்கொடுப்பது பளிச்சென்று தெரிந்தது. "ராத்திரி ஷிஃப்ட்ல நாங்க மூணு பேர்தான்" என்று ஓரிடத்தில் சொல்கிறார். இந்த வரி வெளியே போனால் முகத்துக்கும் குரலுக்கும் போட்ட பாடெல்லாம் வீண். மூன்றில் ஒருவர் என்று ஆகிவிடும். "நான் சேர்ந்து பதினோரு வருஷம்", "அன்னைக்கு நான் லீவு, மறுநாள்தான் தெரிஞ்சுது" போன்றவையும் அதே வகை.

திருத்துவதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். விவரத்தை நீக்கலாம், பொதுவாக்கலாம், பொய்யாக மாற்றக் கூடாது. "மூணு பேர்தான்" என்பது "சிலர்தான்" ஆகலாம், "அஞ்சு பேர்" ஆகக் கூடாது. "பதினோரு வருஷம்" என்பது "பல வருஷம்" ஆகலாம், "ஏழு வருஷம்" ஆகக் கூடாது. ஒரு விவரத்தை எடுத்தால் குற்றச்சாட்டே நிற்காது என்றால், அந்த விவரத்தை இவர் வாயால் சொல்லவைக்காமல் ஓர் ஆவணத்தாலோ இன்னொரு ஆதாரத்தாலோ நிறுவ முடியுமா என்று செய்தியாளர் பார்க்க வேண்டும். எங்கள் விஷயத்தில் ஓரிடத்தில் முடிந்தது, ஓரிடத்தில் அந்தப் பகுதியையே விட்டோம்.

பிறகு வட்டார வழக்கு. தமிழில் இது ஒரு சொல்லிலேயே வெளிப்படும். "வந்தாங்க" என்பவர் ஒரு பக்கம், "வந்தாக" என்பவர் ஒரு பக்கம், "வந்தவை" என்பவர் இன்னொரு பக்கம். உறவுமுறைச் சொற்களில் ஊர் மட்டுமில்லை, சில சமயம் சாதியும் தெரியும். இவற்றைப் பொதுப் பேச்சு வழக்குக்குக் கொண்டுவந்தோம். எழுத்துத் தமிழுக்குக் கொண்டுபோனால் செய்தி அறிக்கைபோல் ஆகிவிடுகிறது. "கூறினார்கள்" என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்துவிட்டு அழித்தோம். "சொன்னாங்க" போதும், எல்லா ஊரிலும் செல்லும்.

கடைசிப் படியை மட்டும் நாம் செய்ய முடியாது. திருத்திய எழுத்தைப் பேட்டி கொடுத்தவரே படிக்க வேண்டும். அவர் இரண்டு இடங்களை அடித்தார். ஒன்று, அவர் அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழி. அலுவலகத்தில் அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வார்களாம். மற்றொன்று நமக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றிய ஒரு உதாரணம். அதை அவர் ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் எந்தத் தொகுப்பாளரும் இந்த இரண்டையும் பிடித்திருக்க முடியாது.

வாசிப்பு

வாசிப்பவருக்கு மூலப் பதிவைப் போட்டுக் காட்டவில்லை. கேட்டால் தன்னையறியாமல் அதன் தாளம் வந்துவிடும். அதேபோல, வாசிப்பை மூலப் பேச்சின் நேர அளவுக்கு இழுத்துப் பொருத்தவும் இல்லை. எங்கே நிறுத்துகிறார், எங்கே வேகமெடுக்கிறார் என்பதும் ஒருவரின் குறியீடுதான். முதல் வாசிப்பு நாடகமாக இருந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியாகப் படித்து நிமிர்ந்து எதிரில் உள்ளவரிடம் சொல்லச் சொன்னதும் சரியானது. மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

வாசிப்பவரின் குரலும் ஒரு குரல்தான். அவரைத் தெரிந்தவர்கள் அவர்தான் பேட்டி கொடுத்தவர் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். படத்தில் "பாதுகாப்புக்காக இவருடைய சொற்கள் சுருக்கப்பட்டு, வேறொருவர் குரலில் தரப்படுகின்றன" என்ற வரி, பேச்சு தொடங்கும்போதும் இடைவெளிக்குப் பிறகு திரும்ப வரும்போதும் வருகிறது. குரலைக் கட்டையாக்கினால் பார்ப்பவருக்குத் தானே தெரிந்துவிடும். இயல்பான குரலைக் கேட்டால் தெரியாது. எனவே சொல்லியே ஆக வேண்டும்.

இனிப் படம். உதடும் குரலும் பொருந்தத் தேவையில்லை என்று ஆனவுடன், மூலப் படமே தேவையில்லாமல் போயிற்று. அதே அறையில் வேறொருவரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து 40 நிமிடத்தில் எடுத்தோம். மோதிரம், கைக்கடிகாரம் இல்லை. உடல்வாகிலும் உயரத்திலும் மூலத்தவரைப் போல இருக்கக் கூடாது என்று பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுத்தோம். "படத்தில் இருப்பவர் அவர் அல்ல" என்பதையும் எழுத்தில் சேர்த்தோம். இரண்டு நாள் பிளரும் அரை நாள் நிழலும் செய்யாததை 40 நிமிடம் செய்தது.

மிச்சமிருந்த ஓட்டை

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கேள்வி கேட்டவரின் தடத்தை மட்டும் தனியாக ஓட்டியபோது, கேள்விகளுக்கு நடுவே மெல்லிய பேச்சு கேட்டது. பேட்டி கொடுத்தவரின் உண்மையான குரல். இரண்டு பேரும் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவரின் சட்டை மைக் எதிரில் இருந்தவரையும் சேர்த்தே பிடித்திருக்கிறது. பதிலின் முதல் சொல்லும் கேள்வியின் கடைசிச் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களில் அது படத்துக்குள்ளும் வந்துவிட்டது. வாசிப்புக் குரல் மேலே ஓடியதால் யார் காதிலும் விழவில்லை. ஆனால் ஒலியைப் பிரித்தெடுப்பவருக்கு அது கிடைக்கும். கேள்விகளையும் மறுபடி பதிவு செய்தோம்.

இதன் அண்ணன் ஒன்று உண்டு. பல கேமராக்களில் சட்டை மைக் இடது சேனலிலும் கேமராவின் சொந்த மைக் வலது சேனலிலும் பதிவாகும். குரல் மாற்றத்தை இடதுக்கு மட்டும் போட்டால் வலதில் அசல் அப்படியே போகும். ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக் கேட்பவருக்குப் பேட்டி முழுக்கக் கிடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு சேனலையும் தனியே எடுத்துக் கேட்பது வழக்கமாயிற்று:

```
ffmpeg -i final.mp4 -af "pan=mono|c0=c1" right.wav
```

ஏற்றுமதியைத் தொகுப்பு மென்பொருளிலிருந்து நேராக வெளியே அனுப்பவில்லை. சில மென்பொருள்கள் டைம்லைனில் இருந்த மூலக் கோப்புகளின் பெயரையும் போல்டர் பாதையையும் ஏற்றுமதிக் கோப்புக்குள் எழுதிவிடும். ஒரு மூலக் கோப்பின் பெயரில் பேட்டி கொடுத்தவரின் பெயரே இருந்தது. கைபேசியில் எடுத்த காட்சிகளில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கலாம். எனவே படத்தை ஒலியில்லாமல் ஒன்றாகவும், ஒலியைத் தனி ஒரே தடமாகவும் எடுத்துப் புதிதாகச் சேர்த்தோம்:

```
ffmpeg -i picture.mov -i mix.wav -map 0:v:0 -map 1:a:0 \
 -map_metadata -1 -map_chapters -1 -write_tmcd 0 \
 -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac final.mp4
exiftool -a -G1 -s -ee final.mp4
```

`-map` இரண்டும், சொன்ன தடங்களைத் தவிர வேறு எதுவும் உள்ளே நுழையாமல் தடுக்கின்றன. கடைசி வரி கோப்பில் மிச்சமிருக்கும் விவரங்களைக் காட்டும். பெயர், இடம், கேமரா எண், மூலத் தேதி எதுவும் அதில் தெரியக் கூடாது. தெரிந்தால் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். இணையத்தில் ஏற்றும்போது வைக்கும் முகப்புப் படத்தை வேறொருவர் பழைய வெட்டிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கடைசி மணி நேர வேலைதான். எங்களிடம் பிளர் போட்ட பழைய பதிப்பிலிருந்து ஒரு படம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

தொகுப்புக் கணினியில், தொகுக்க எளிதாகச் செய்துகொண்ட எடை குறைந்த பிராக்ஸிகளும் ஒலிக் கேச்சும் மூலத்தின் நகல்களே. தானே சேமித்த பழைய டைம்லைன்களில் மூலக் கோப்பின் பெயர் இருக்கும். மூலக் கோப்பைப் பூட்டிய வட்டுக்கு மாற்றிவிட்டுக் கேச்சை விட்டுவைத்தால் ஒலி அங்கேயே இருக்கும். எஸ்.எஸ்.டி. வட்டில் அழித்த கோப்பு உண்மையில் அழிந்ததா என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்த வேலையில், தொகுப்பே முதல் நாளிலிருந்து முழுதாகக் குறியாக்கம் செய்த தனி வட்டில் நடக்கும். கேச் போல்டரும் அதற்குள்ளேயே.

அடுத்த முறை மாற்றப்போவது தொகுப்பைவிடப் படப்பிடிப்பைத்தான். குரலை வாசிக்கவைக்கப்போகிறோம் என்பது முன்பே முடிவானால் முகத்தைப் படமெடுக்கக் காரணமே இல்லை. எழுத்தாக்குவதற்கு ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி போதும். கேள்வி கேட்பவருக்கு மைக் வேண்டாம், அவர் கேள்விகளைப் பிறகு தனியாகப் பதிவு செய்யலாம். மின்சார ரீங்காரம் பதிவில் ஏறாதபடி அறையில் சார்ஜர்களைப் பிடுங்கிவிட வேண்டும். கேமரா இருந்தால், அது காலி நாற்காலியைப் பார்த்திருக்கட்டும். பேசுபவர் கேமராவுக்குப் பின்னால் உட்காரலாம்.